தடிமன் தெரியாமல் காயிலின் எடையைச் சொல்ல முடியுமா?

"அண்ணே, பிறையில், தகட்டுச் சுருளை நீளவாக்கில் வெட்டும் ஒரு ஸ்லிட்டிங் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். லேபல் கிழிந்துபோன காயில் ஒன்று: வெளி விட்டம் 1,180 மி.மீ., உள் விட்டம் 508, அகலம் 312. சாதாரண இரும்பு, 1.2 தகடு என்று நினைக்கிறேன். தடிமன் உறுதியாகத் தெரியாமல் எடை போட முடியாது என்கிறார் கூட வேலை செய்பவர். வலைத்தளத்தில் கிடைத்த சூத்திரத்தில் போட்டால் 2,182 கிலோ வருகிறது. பக்கத்துக் கடை தரைத் தராசில் வைத்து பேலட்டைக் கழித்தால் 2,105 தான். 77 கிலோ எங்கே போனது? தாய்க் காயில் 8,230 கிலோ, 1,219 அகலம். அதில் 312-இல் மூன்றும் 270-இல் ஒன்றும் வெட்டினோம் என்று மட்டும் பழைய டெலிவரி ஆர்டரில் இருக்கிறது."

தம்பி, உங்கள் நண்பர் சொல்வது தவறு, ஆனால் முழுத் தவறு இல்லை. சூத்திரத்துக்குத் தடிமன் வேண்டாம். அந்த 77 கிலோவுக்குத்தான் தடிமன் வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு பாயைச் சுருட்டி நிறுத்தி வைத்து மேலிருந்து பாருங்கள். நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் பாய். பாய் மெல்லியதோ தடித்ததோ, கண்ணுக்குத் தெரியும் அந்த வளையம் முழுக்க பாய்தான் நிரம்பியிருக்கிறது. மெல்லிய பாயானால் சுற்று அதிகம், தடித்த பாயானால் சுற்று குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். காயிலும் அப்படியே. வெளி வட்டத்தின் பரப்பிலிருந்து ஓட்டையின் பரப்பைக் கழித்தால் வளையத்தின் பரப்பு. அதை அகலத்தால் பெருக்கினால் கன அளவு. இரும்பின் அடர்த்தியால் பெருக்கினால் எடை. சாதாரண இரும்புக்கு அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்.

எல்லா அளவும் மில்லிமீட்டரில், விடை கிலோவில் வேண்டுமென்றால் சூத்திரம் இப்படிச் சுருங்கும்:

```
W = (D² − d²) × b × 0.000006165
```

D வெளி விட்டம், d உள் விட்டம், b அகலம். கடைசி எண் எங்கிருந்து வந்தது என்றால், π-யை நாலால் வகுத்து 7.85 ஆல் பெருக்கி, மி.மீ.யைக் கிலோவாக்கப் பத்து லட்சத்தால் வகுத்தது. உங்கள் காயிலுக்கு 1,180-இன் வர்க்கம் 13,92,400. 508-இன் வர்க்கம் 2,58,064. கழித்தால் 11,34,336. அதை அந்த எண்ணால் பெருக்கினால் 6.99. இந்த 6.99-ஐ அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இத்தனை கிலோ என்று அர்த்தம். ஸ்லிட்டிங் வேலையில் மொத்த எடையைவிட இந்த எண்தான் அதிகம் உதவும். 312 ஆல் பெருக்கினால் 2,182. நீங்கள் போட்டது சரியான கணக்கு.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒருமுறை ஆள் அடிபடப் பார்த்தது. விட்டங்களைத் தனித்தனியே வர்க்கம் எடுத்துப் பிறகு கழிக்க வேண்டும். கழித்துவிட்டு வர்க்கம் எடுக்கக் கூடாது. நான் ஃபோர்மனாக இருந்த ஒரு கடையில், பெயர் வேண்டாம், புதிதாக வந்த பையன் 1,200 வெளி விட்டம், 508 உள் விட்டம், 300 அகலம் உள்ள காயிலுக்கு 1,200-இலிருந்து 508-ஐக் கழித்து, வந்த 692-ஐ வர்க்கம் எடுத்துவிட்டான். 886 கிலோ என்று வந்தது. அதைச் சாக்பீஸால் காயில்மேல் கொட்டையாக எழுதியும் வைத்துவிட்டான். உண்மையில் அது 2,180 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. எழுதியதை நம்பி ஒருவர் ஒன்றரை டன் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து தூக்கினார். காயில் தரையை விட்டு ஒரு சாண் எழும்புவதற்குள் வண்டியின் பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. ஓட்டுநர் பதறாமல் ஃபோர்க்கை இறக்கியதால் தப்பினோம். தவறான கணக்கு எப்போதும் அபத்தமான எண்ணைத் தராது. 886 என்பது பார்க்க நம்பும்படியான எண்தான், அதுதான் ஆபத்து.

இதிலிருந்து தப்ப மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உள் விட்டம் 508 உள்ள காயிலுக்கு, வெளி விட்டம் 1,000 ஆனால் மி.மீ. அகலத்துக்கு 4.6 கிலோ. 1,200 ஆனால் 7.3. 1,500 ஆனால் 12.3. விட்டம் 1,000-இலிருந்து 1,200-க்குப் போனால் எடை ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்க்க இரண்டு காயிலும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். கால்குலேட்டரில் வருகிற விடை இந்த எண்களின் பக்கத்தில் கூட இல்லையென்றால் எங்கோ பிழை.

சரி, அந்த 77 கிலோவுக்கு வருவோம்.

முதலில் எது பொய் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்: தராசா, சூத்திரமா. தாய்க் காயிலின் எடையை நீங்கள் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. 8,230-ஐ 1,219 ஆல் வகுத்தால் மி.மீ. அகலத்துக்கு 6.75 கிலோ. தாய்க் காயிலை நீளவாக்கில் வெட்டும்போது ஒவ்வொரு துண்டும் அதே நீளம்தான், அதனால் எடை அகலத்தைப் பொறுத்துத்தான் பிரியும். 312 ஆல் பெருக்கினால் 2,106 கிலோ. உங்கள் தராசு 2,105 காட்டுகிறது. மூன்று துண்டும் 270-இல் உள்ள ஒன்றும் சேர்த்தால் 1,206 அகலம், மீதி 13 மி.மீ. இரண்டு ஓரத்திலும் வெட்டி எறிந்த விளிம்பு. அதுவே 88 கிலோ கழிவுத் தொட்டிக்குப் போயிருக்கும். எல்லாம் பொருந்துகிறது. ஆக, தராசு சரி. கூடுதலாகச் சொல்வது சூத்திரம். ஒரு மி.மீ. அகலத்துக்கு 6.99 என்று சூத்திரம், 6.75 என்று தராசு. வித்தியாசம் மூன்றரை சதவீதம்.

(லோரி எடைமேடையில் வைத்திருந்தால் இந்த ஒப்பீட்டையே செய்திருக்க முடியாது. அதில் பத்து இருபது கிலோ படிகளாகத்தான் எண் வரும். லோரியோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை என்று இரண்டு தடவை எடுத்துக் கழிக்கும்போது பிழையும் இரண்டு தடவை சேரும். தரைத் தராசைத் தேடிப் போனது நல்ல வேலை.)

சூத்திரம் கூடுதலாகக் காட்ட முதல் காரணம் எப்போதும் டேப்தான். வெளி விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட அளந்தால் உங்கள் காயிலில் நாலரை கிலோ கூடும். ஐந்து மில்லிமீட்டர் என்றால் 23 கிலோ. டேப்பை இரு கையில் பிடித்துக்கொண்டு ஓட்டைக்கு மேலாக இழுத்து, இதுதான் நடு என்று கண்ணால் பார்த்து அளக்கும்போது ஐந்து மி.மீ. போவது ஒரு பெரிய விஷயமே இல்லை. விட்டத்தை அப்படி அளக்காதீர்கள், சுற்றளவை அளந்து 3.1416 ஆல் வகுங்கள். பேலட்டில் ஓட்டை மேலே பார்க்கப் படுத்திருக்கும் காயிலை டேப் ஒரு சுற்று சுற்ற ஒரு நிமிடம் போதும். 1,180 விட்டத்துக்குச் சுற்றளவு 3,707 வர வேண்டும். சுற்றளவில் மூன்று மில்லிமீட்டர் தப்பினாலும் விட்டத்தில் ஒன்றுதான் தப்பும். டேப் போகும் வழியில் இரும்புப் பட்டையின் சீல் இருந்தால் அதற்கு மேலோ கீழோ தள்ளிப் பிடியுங்கள், வெளிச்சுற்றின் நுனி தூக்கிக்கொண்டிருந்தால் அதை அமுக்கிவிட்டு அளவெடுங்கள்.

ஓட்டை பக்கவாட்டில் பார்க்க, தொட்டிலில் நிற்கும் காயிலில் டேப்பை அடியில் விட முடியாது. அப்படிப்பட்ட காயில் தன் எடையாலேயே கொஞ்சம் சப்பையாகியும் இருக்கும். அகலவாட்டில் 1,200 இருக்கும், உயரவாட்டில் 1,140 தான் இருக்கும். இதில் கைக்கு எளிதான கிடை அளவை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் கணக்கு நிறையக் கூடிவிடும். இரண்டையும் அளந்து சராசரி எடுத்தால் போதும், உள் விட்டத்துக்கும் அப்படியே. உயரத்தை அளக்க முடியாத இடத்தில் நான் சுவரை அளப்பேன். அதாவது ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை இரும்பின் தடிப்பை ஓர் இரும்பு ஸ்கேலால் நாலு இடத்தில் அளந்து சராசரி எடுப்பது. உங்கள் காயிலில் அது 336 வரும். உள் விட்டத்தோடு இந்த 336-ஐக் கூட்டினால் 844, அது நடுச்சுற்றின் விட்டம். 844, 336, 3.1416 மூன்றையும் பெருக்கினால் வளையத்தின் பரப்பு. பழைய வழியில் வந்த அதே விடைதான் வரும், டேப் மட்டும் எளிதாகப் போகும்.

உள் விட்டத்தை யாரும் அளப்பதே இல்லை. 508 என்று எல்லாருக்கும் தெரியும், தகட்டைச் சுற்றும் உருளை இருபது அங்குல மாண்ட்ரல், அவ்வளவுதான் என்று எழுதிவிடுவார்கள். நீங்களும் அப்படி எழுதியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கெட்டியான காகிதக் குழாய் இருக்கிறதா? இருந்தால் 508 என்பது அந்தக் குழாயின் உள் அளவு. குழாயின் சுவர் 10 மி.மீ. என்றால் இரும்பு தொடங்குவது 528-இல். அந்த ஒரு வளையம் மட்டும் உங்கள் கணக்கில் 40 கிலோ. 77-இல் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். குழாய் இல்லையென்றால் இந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

அகலத்தில் நீங்கள் தவறியிருக்க மாட்டீர்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை. காயிலின் பக்கம் சமமாக இல்லாமல் நடுச்சுற்றுகள் ஒரு பக்கம் பிதுங்கி நிற்பதுண்டு. டெலஸ்கோப் ஆகிவிட்டது என்போம். அப்போது பக்கத்துக்குப் பக்கம் டேப் வைத்தால் 312 காயில் 330 காட்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 7 கிலோ என்பதால் 18 மி.மீ.க்கு 126 கிலோ சும்மா ஏறிவிடும். வெளிச்சுற்றின் நுனியில் தகட்டின் அகலத்தையே வெர்னியரில் பிடியுங்கள்.

இத்தனையும் சரியாக அளந்தும் தராசைவிடக் கூடுதலாகத்தான் வரும். அது பிழை அல்ல, காற்று. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம், சொரசொரப்பு, சின்ன அலை என்று ஏதோ ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்யும். சூத்திரம் அந்த இடைவெளியையும் இரும்பு என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் நண்பர் சொன்ன தடிமன் இங்கேதான் வருகிறது. தகடு 1.2 மி.மீ. என்றால் 336 மி.மீ. சுவரில் சுமார் 270 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.04 மி.மீ. காற்று என்று வையுங்கள், அச்சுத்தாள் ஒன்றின் தடிமனில் பாதிகூட இல்லை. 270 சுற்றுக்கு 11 மி.மீ. ஆகிவிடும். 336-இல் 11 என்பது மூன்று சதவீதத்துக்கு மேல். உங்கள் 77 கிலோவில் பெரும்பகுதியை இது ஒன்றே விழுங்கிவிடும். அதே 0.04 இடைவெளி 3 மி.மீ. தகட்டில் இருந்தால் ஒன்றேகால் சதவீதம்தான். 0.4 மி.மீ. தகட்டில் இருந்தால் ஒன்பது சதவீதம் (நல்லவேளையாக மெல்லிய தகடு மேலும் நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளும், அவ்வளவு மோசமாகாது). தகடு மெலிய மெலிய சூத்திரத்தை அதே அளவு நம்ப முடியாது.

ஸ்லிட் செய்த காயிலில் இது தாய்க் காயிலைவிட அதிகம். தகடு உருட்டி வரும்போது நடுவில் மயிரிழை தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். துண்டுகளெல்லாம் ஒரே மாண்ட்ரலில் ஒரே வேகத்தில் சுற்றும்போது நடுத் துண்டு சீக்கிரம் பெருத்துவிடும், ஓரத் துண்டு பின்தங்கித் தொய்ந்துவிடும். இந்தத் தொய்வை வாங்கிக்கொள்ளத்தான் சுற்றும் மாண்ட்ரலுக்கு முன்னால் தரையில் பள்ளம் தோண்டியிருக்கிறது. பள்ளமும் போதாமல் தகடு தரையைத் தொடப் பார்த்தால், ஆப்பரேட்டர் அட்டைத் துண்டைச் சுற்றுக்கு நடுவே செருகி அந்தத் துண்டின் விட்டத்தை ஏற்றுவார். உங்கள் காயிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு வளையங்களுக்கு நடுவே பழுப்பாக அட்டையின் விளிம்பு எட்டிப் பார்க்கும். அதுவும் உங்கள் சூத்திரத்தில் 7.85 அடர்த்தி உள்ள இரும்பாகத்தான் போயிருக்கிறது. ஒரே தாய்க் காயிலில் பிறந்த மூன்று 312-களையும் அளந்தால் வெளி விட்டம் மூன்றும் ஒன்றாக இருக்காது, ஆனால் தராசில் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும். எப்போதாவது சந்தேகம் வந்தால் இதை ஒருமுறை செய்து பாருங்கள், நான் சொல்வது கண்ணுக்கே தெரியும்.

ஆகவே ஒரு நிரப்பு எண் வைத்துக்கொள்ளுங்கள். தராசு எடையைச் சூத்திர எடையால் வகுத்தால் வருவதுதான் அது. உங்கள் காயிலுக்கு 2,105-ஐ 2,182 ஆல் வகுத்தால் 0.965. நன்றாக இறுகச் சுற்றிய ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தாய்க் காயிலில் 0.98 பக்கம் பார்த்திருக்கிறேன். அட்டை செருகிய ஸ்லிட் காயிலில் 0.95 வரை இறங்கியதும் உண்டு. என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மெஷினில் வெட்டிய ஒரே தடிமன் காயில் ஐந்தாறைத் தராசில் வைத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரு தடிமனுக்கு ஓர் எண். எக்செலில் இப்படிப் போட்டால் போதும், A வெளி விட்டம், B உள் விட்டம், C அகலம், D நிரப்பு எண்:

```
=PI()/4*(A2^2-B2^2)*C2*7.85/1000000*D2
```

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் நிரப்பு எண்ணை உள்ளே விடாதீர்கள்: தூக்கும்போது. கிரேன், ஃபோர்க்லிஃப்ட், பெல்ட் எதற்கானாலும் எக்செலின் D பத்தியில் 1 என்றே போடுங்கள். காற்று எடையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. அளவைச் சரியாக எடுத்திருந்தால் காயில் அந்த எண்ணைத் தாண்டவே தாண்டாது. 2,182 என்று வைத்துக்கொண்டு, பேலட் எடையையும் சேர்த்து, அதைத் தாங்கும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். ஸ்டோர் கணக்குக்கும், லோரியில் எத்தனை ஏற்றலாம் என்பதற்கும் 0.965-ஐப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு இன்வாய்ஸ் போட இரண்டும் வேண்டாம், தராசுச் சீட்டை வையுங்கள். டன்னுக்கு விலை பேசும் சரக்கில் ஒரு சதவீதம் தப்பினாலும் ரிங்கிட்டில் தெரியும்.

தடிமனையும் நீளத்தையும் வைத்து எடை போடும் இன்னொரு வழி இருக்கிறது, உங்கள் நண்பர் மனதில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். மெஷின் மீட்டரில் 716 மீட்டர் ஓடியது என்று தெரிந்தால், 716, தடிமன் 1.2, அகலம் 0.312 மீட்டர், அடர்த்தி 7.85 நாலையும் பெருக்கினால் 2,104 வருகிறது. அழகாகப் பொருந்துகிறது. ஆனால் லேபலில் 1.2 என்று இருக்கும் தகடு மைக்ரோமீட்டரில் 1.16 காட்டினால் இந்த வழி மூன்று சதவீதத்துக்கு மேல் தவறிவிடும். அந்தத் தவறு உங்களுக்குத் தெரியவும் தெரியாது. விட்டத்தை வைத்துப் போடும் வழி லேபலை நம்புவதில்லை, முன்னால் கிடக்கும் இரும்பைத்தான் அளக்கிறது. எனக்கு அதனால்தான் அது பிடிக்கும்.

அப்புறம், லேபல் கிழிந்த காயில் எல்லாமே சாதாரண இரும்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பளபளப்பாக இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் 304 வகை ஸ்டெயின்லெஸ், அடர்த்தி 7.93. ஒட்டுகிற 430 வகைக்கு 7.70. துத்தநாகம் பூசிய தகட்டுக்கு நான் அடர்த்தியை மாற்றுவதில்லை. அரை மில்லிமீட்டர் தகட்டில் கனமான பூச்சு இருந்தாலும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குக் குறைவுதான், டேப்பில் நாம் விடும் பிழையே அதைவிடப் பெரிது. முதலில் அந்தக் காயிலுக்குள் கையை விட்டு, காகிதக் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இருந்தால் உங்கள் நிரப்பு எண் 0.965 அல்ல, 0.98-ஐ ஒட்டி வரும்.